முகத்தை அறுதியாக எழுதி வாங்கும் வித்தை!

அரைப் பரப்புக் காணியை விற்பதற்கு எமது நாட்டில் எத்தனை கட்டுப்பாடுகள் உள என்பதை உழவர் பெருமக்கள் நன்கறிவர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி உறுதி எழுத்திலிருத்தல் வேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் உடனிருத்தல் வேண்டும். எழுதிக் கொடுப்பவர் வாசிக்க அறியாதவராயின், நொத்தாரிசு அவருக்கு அதனை வாசித்துப் பொருள் விளக்குதல் கடமையாகும். இவ்வளவும் எதற்காக? நாலு பனையும் ஒரு வேலியும் நிற்கும் மண்ணுக்காக!

ஆனால் அந்த மண்ணிலே விளைந்த கீரையைச் சந்தையில் வைத்து விற்கும் ஒரு பெண்ணின் முகத்தையும் குரலையும், உலகம் முழுவதற்கும், காலம் உள்ளளவும், எந்த நோக்கத்துக்காயினும் பயன்படுத்தும் உரிமையை எழுதி வாங்குவதற்கு வேண்டுவது யாது? தோளிலே கமராவைத் தூக்கிய ஓர் இளைஞனும், அவன் கையில் ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு தாள்களும், "ஒருக்கா இதிலை ஒப்பம் வையுங்கோ அக்கா" என்ற ஏழு சொற்களுக்குட்பட்ட ஒரு வேண்டுகோளுமே. நொத்தாரிசு இல்லை, சாட்சி இல்லை, வாசித்துக் காட்டுவாரும் இல்லை. இதற்கு விவரணப்படக்காரர் இட்ட பெயர் "ரிலீஸ் போம்". விடுதலைப் பத்திரமாம்! விடுதலை யாருக்கு? படம் எடுத்தவருக்கு, வழக்கிலிருந்து!

யான் கற்பனையை எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்துச் சந்தையொன்றில் முளைக்கீரையும் வல்லாரையும் விற்கும் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். அவரது பெயரும் ஊரும் இங்கு வேண்டா. கிராமத்து உணவு பற்றிய விவரணப்படம் எடுக்க வந்தோம் என்று கூறிய ஒரு குழுவினர் அவரை ஒருநாட் காலை படம் பிடித்தனர். முடிந்த படத்திலே அவர் தோன்றுவது ஏழு வினாடி. கீரைக்கட்டின் மீது நீர் தெளித்துவிட்டு நிமிர்ந்து நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் ஒற்றுகின்றார், அவ்வளவே. படமும் கண்ணியமான படந்தான். அதில் அவருக்கு ஒரு குறையுமில்லை.

பதினான்கு மாதங்களின் பின்னர் அதே ஏழு வினாடி வேறோரிடத்திற் தலைகாட்டிற்று. பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் கைத்தொலைபேசிகளில் உலாவத் தொடங்கியது. அதிலே இவர் நெற்றியை ஒற்றும் காட்சி. மேலே கடனால் வாழ்வு மலர்ந்த கதை. வாழ்நாளில் ஒரு சதம் கடன் வாங்காத பெண்! கிழமைதோறும் கடன் அறவிட வருவோருக்கு அஞ்சி வீட்டுப் படலையைச் சாத்தும் குடும்பங்கள் எத்தனையோ உள்ள எம் நாட்டில், அந்த விளம்பரத்தின் பொருள் அயலாருக்கு எவ்வாறு விளங்கியிருக்கும் என்பதை யான் விளக்க வேண்டுவதில்லை. மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோயிற்று. அதுதான் காரணமென்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எமது ஊரில் அப்படிச் சொல்வதும் வழக்கமன்று.

யான் அக்குழுவினருக்குக் கடிதம் எழுதினேன். மறுமொழியாக வந்தது அவரது ஒப்பத்தின் பிரதி. பதினொரு வாசகங்கள் கொண்ட அத்தாளின் நான்காம் வாசகம், படத்தை "விளம்பரம் உட்பட எந்த நோக்கத்துக்கும்" பயன்படுத்தவும், பிறருக்கு உரிமை மாற்றவும் அவர் இசைவதாகக் கூறிற்று. அந்த உரிமையைக் கொண்டே துண்டுக் காட்சிகளை விற்கும் ஒரு களஞ்சியத்துக்கு அவரது முகம் போயிற்று. அங்கிருந்து கடன் கம்பனி விலைகொடுத்து வாங்கிற்று. எல்லாம் ஒழுங்காக, எழுத்தில், முறைப்படி! அவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம், "உங்கடை சந்தையை நாலு நாட்டிலை பாப்பினம் அக்கா" என்று அந்தத் தம்பி சொன்னது.

இங்கே சட்டம் என்ன கூறுகின்றதென்பதைச் சிறிது நிதானமாகப் பார்ப்போம். வீதியில் நிற்பவர் எல்லோரிடமும் எழுதி வாங்கவேண்டும் என்று யான் வாதாடுவதாக எவரும் எண்ண வேண்டா. வீதி பொதுவிடம். ஆயிரம் பேர் நடமாடும் சந்தையை ஒருவர் அகலக் காட்சியாகப் படம் பிடித்தால், அந்த ஆயிரம் பேரிடமும் கையொப்பம் கேட்பது மடமை. அப்படிக் கேட்கவேண்டுமாயின், நாளை விவரணப்படங்களில் ஆளற்ற ஒழுங்கைகளும் படுத்துறங்கும் நாய்களுமே மிஞ்சும். கடமையில் நிற்கும் பொலீஸ்காரரோ, மேடையேறிய மந்திரியோ பொதுவிடத்திற் செய்வதைப் படம் பிடிக்க அவர்தம் இசைவு வேண்டும் என்பதும் பேதைமையே. தடியடி நடத்துபவரிடம் போய், "ஐயா, ஒரு கையொப்பம்" என்று நிற்கவா முடியும்?

ஆனால் கூட்டத்தில் ஒருவராய் இருப்பது வேறு. கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவது வேறு. இந்த வேறுபாட்டை உலகம் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. நியூயோர்க் நகரில் 1932ஆம் ஆண்டில் ஒரு வழக்கு மேன்முறையீட்டுக்கு வந்தது. அங்கும் ஒரு தெருவோர வியாபாரிதான். பாண் விற்கும் பெண். நகரத்தைச் சுற்றிக் காட்டும் ஒரு வேடிக்கைப் படத்தில் அவர் முகம் தெளிவாகத் தெரிய ஆறு வினாடி காட்டப்பட்டார். அந்த மாநிலத்தில் 1903ஆம் ஆண்டு முதல், விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஒருவரது படத்தைப் பயன்படுத்த எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்ற சட்டம் உண்டு. அச்சட்டமே ஒரு பெண்ணின் படத்தை அவரைக் கேளாமல் மாவு விளம்பரத்திற் போட்டதாலும், 1902இல் நீதிமன்றம் அவருக்குப் பரிகாரமில்லை என்று கைவிரித்ததாலும், மக்கள் கொதித்தெழுந்ததாற் பிறந்தது. பாண் விற்ற பெண்ணின் வழக்கில் நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. அடுத்த ஆண்டு அம்மாநிலத்தின் உச்ச மன்றமும் அதனை உறுதிசெய்தது. செய்திப்படமாயின் வேறு, கதையும் கேலியும் கலந்து பணத்துக்குக் காட்டும் படத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆறு வினாடி! எமது பெண்மணிக்கு ஏழு.

அதே நியூயோர்க் சட்டத்தின் கீழ், 2006ஆம் ஆண்டின் "போரட்" என்னும் படத்தில் தெருவில் வேடக்காரனுக்கு அஞ்சி ஓடிய ஒருவர் தொடுத்த வழக்கு 2008இற் தள்ளுபடியாயிற்று என்பதையும் மறைக்க யான் விரும்பவில்லை. கேலிப்படமாயினும் பொதுநலனுக்குரிய சமூக விமர்சனம் அதிலுண்டு என்று அந்த நீதிபதி கண்டார். வினாடியின் எண்ணிக்கை மட்டும் வழக்கைத் தீர்ப்பதில்லை. எதற்காகக் காட்டப்பட்டது என்பதே தீர்க்கும்.

எமக்கு நியூயோர்க் சட்டம் இல்லை. எமக்கிருப்பது உரோம டச்சுச் சட்டம். அதனை எம்மோடு பகிர்ந்துகொண்ட தென்னாபிரிக்காவில், 1954ஆம் ஆண்டு ஒகீஃப் எதிர் ஆர்கஸ் என்ற வழக்கு வந்தது. வானொலிப் புகழ்பெற்ற ஒரு பெண் கைத்துப்பாக்கியுடன் நிற்கும் படத்தைச் செய்திக் கட்டுரைக்காக எடுக்க இசைந்தார். அதே படம் துப்பாக்கி விற்பனை விளம்பரத்தில் வந்தது. "படம் எடுக்க இசைந்தாரே, இனி என்ன வழக்கு?" என்று எதிராளிகள் ஆரம்பத்திலேயே வழக்கைத் தள்ளுமாறு கேட்டனர். மன்று இணங்கவில்லை. ஒன்றுக்குக் கொடுத்த இசைவு மற்றொன்றுக்கு இசைவாகாது. கேளாமல் விளம்பரத்திற் போடுவது ஒருவரது தன்மானத்தின் மீதான தாக்குதலாகலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்நாட்டுத் தீர்ப்பு எமது மன்றுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உரோம டச்சுச் சட்டப் பிரச்சினைகளில் எமது நீதிபதிகள் அதனை மதித்துக் கேட்பது நெடுநாள் வழக்கம்.

அப்படியாயின் யான் ஏன் அந்தப் பெண்மணிக்காக வெற்றிமுரசு கொட்டவில்லை? அந்த ஒப்பந்தான் காரணம்! ஒப்பமிட்டவர் அதனாற் கட்டுண்டவர் என்பது பொதுவிதி. பொருளைத் திரித்துக்கூறிப் பெற்ற ஒப்பம் நில்லாது என்று வாதிடலாம், வாதிட்டேன். உணவுப்படம் என்று சொன்னதை யார் நிரூபிப்பது? பக்கத்தில் தேங்காய் விற்றவர் கேட்டிருந்தார். ஆனால் மன்றுக்கு வர அஞ்சினார். தீங்கியல் வழக்குக்கு இரண்டாண்டுக் காலவரை வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வாரத்தின் பின் விளம்பரம் நீக்கப்பட்டது. நட்டஈடு ஒரு சதமும் இல்லை. "கோட்டுக்கு ஏறித் திரிஞ்சா என்ரை யாவாரத்தை ஆர் ஐயா பாக்கிறது?" என்றார் அவர். யானும் வற்புறுத்தவில்லை.

காணி வழக்கிற் பழகியவருக்கு ஓர் ஒப்புமை கூறுவேன். குத்தகைக்குக் கொடுப்பது ஒன்று. அறுதியாக விற்பது ஒன்று. அந்தப் பெண்மணி தம் முகத்தை ஒரு படத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்ததாகவே நினைத்தார். தாளோ அறுதி உறுதி! எங்கிருந்து வந்தது அந்தத் தாள்? பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேயப் படக்கம்பனிகளின் மாதிரியைப் பெயர்த்து ஒட்டியதே. அங்கே வாய்மையான ஒரு காரணமும் உண்டு: ஒளிபரப்பு நிலையங்களும், தவறுகளுக்கான காப்புறுதி கொடுக்கும் கம்பனிகளும் ஒவ்வொரு முகத்துக்கும் எழுத்துக் கேட்பர். கேட்பவர் பெரிதாகக் கேட்பதால், எழுதுபவரும் பெரிதாக எழுதுகிறார். அவர் பிரதி பண்ணும்போது சிந்திப்பதும் இல்லை. என் கைக்கு வந்த தாளின் தொடக்கத்தில் "ஒரு டொலர் பெற்றுக்கொண்டு" என்றிருந்தது. அந்த டொலரை அவர் கண்ணாற் கண்டதில்லை. ஆங்கிலச் சட்டத்தில் ஒப்பந்தத்துக்குக் கைம்மாறு வேண்டும் என்பதற்காக எழுதும் வாசகம் அது. எமது நாட்டில் அந்தக் கைம்மாறு வேண்டியதில்லை, நேர்மையான காரணமே போதும் என்று பிரிவுக் கவுன்சில் 1918இலேயே ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கிற் தீர்த்துவிட்டது. தாளை எழுதியவருக்குத் தாம் நிற்கும் நாடு எதுவென்றே தெரியாது!

மற்றுமொரு வேடிக்கை. வேறொரு குழுவினர் ஒரு பெண்ணின் படத்துக்கு அவள் கணவனிடம் ஒப்பம் வாங்கினர். தேசவழமைப்படி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டனர் போலும். முகம் அசையாச் சொத்தன்று, ஐயன்மீர்! அவள் பதினெட்டு வயது நிரம்பியவளாயின் அவள் ஒப்பமே ஒப்பம். பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளைக்குத்தான் பெற்றோரோ பாதுகாவலரோ இசைய வேண்டும். பள்ளி ஆசிரியர் தலையசைத்தது போதாது. சந்தையை நடத்தும் சபை அனுமதி தந்ததும் அவ்வாறே. அது கமராவை உள்ளே வைக்கும் அனுமதி. கடைக்காரரின் முகத்துக்கு அனுமதியன்று.

அப்படியாயின் ஒழுங்காகச் செய்வது எவ்வாறு? முதல்நாள் கமரா இல்லாமலே போய்ப் பேசுதல் வேண்டும். வாயிலில், இன்ன நாள் இன்ன படத்துக்காகப் படம் பிடிக்கப்படும், விரும்பாதார் கையைக் காட்டுக என்று தமிழிற் பெரிய எழுத்தில் அறிவித்தல் வைக்க வேண்டும். அது கூட்டத்துக்குப் போதும். கமரா ஒருவர் மீது தங்கி நிற்குமாயின், அல்லது அவர் குரல் படத்தில் வருமாயின், அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஐயமெழுந்தால் ஒரு சோதனை உண்டு: அந்த ஆளுக்குப் பதிலாக வேறொருவர் அங்கு நின்றிருந்தாலும் காட்சியின் பொருள் மாறாதென்றால் அவர் கூட்டத்தில் ஒருவர், மாறுமாயின் அவர் படத்தின் ஆள்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. படக்காரர் பெரும்பாலும் இதிலேதான் வீழ்வர். கூட்டத்தில் ஒருவராய் இருந்தவர், படத்தொகுப்பு மேசையில், பின்னாற் சேர்க்கும் உரையால், படத்தின் ஆளாக மாறிவிடுவார். பஸ் நிலையத்தில் நிற்கும் இளைஞர் நால்வரின் காட்சிக்கு மேலே, "இப்பகுதியிற் போதைப்பொருள் பெருகிவிட்டது" என்று ஒரு குரல் பேசுமாயின், அந்த நால்வரும் அந்நொடியிற் குற்றவாளிகள்! அவர்கள் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் மாணவராயிருக்கலாம். அது தன்மானக் கேள்வி மட்டுமன்று, மானநட்ட வழக்குமாகும். ஆகவே உரை எழுதி முடிந்த பின்னர், படத்தை ஒருமுறை ஒலியோடு பார்த்து, எந்த முகத்தின் மேல் எந்தச் சொல் விழுகின்றது என்று குறித்தல் வேண்டும். இசைவில்லாத முகத்தின் மேற் பழிச்சொல் விழுந்தால், காட்சியை மாற்று, அல்லது முகத்தை மறை. வேறு வழியில்லை.

எழுத்து வாங்குவதாயின் அது ஒரு பக்கத் தமிழாக இருக்கட்டும். வாசிக்க அறியாதவருக்கு வாசித்துக் காட்டுவதை அதே கமராவிற் பதிவுசெய்யட்டும். பிரெடெரிக் வைஸ்மன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க விவரணப்படக்காரர், தாளைவிட ஒலிப்பதிவிற் கேட்டுப்பெற்ற வாய்மொழி இசைவையே நம்பியவர். எமது சந்தைக்கு அதுவே பொருந்தும். படத்தின் பெயர், பொருள், எங்கே காட்டப்படும், எடுப்பவரின் முகவரி இவை சொல்லப்படட்டும். விளம்பரத்துக்கும் துண்டுக் காட்சி விற்பனைக்கும் இவ்விசைவு செல்லாது என்று ஒரு வரி இருக்கட்டும். படத்தொகுப்பு முடியும் ஒரு திகதியைக் குறித்து, அதுவரை மனம் மாறினால் விலகலாம் என்று மற்றொரு வரி இருக்கட்டும். பிரதி ஒன்று அவர் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு தாளிலும் காட்சியிலக்கத்தையும், "பச்சைச் சேலை, கீரைக்கடை" என்பது போன்ற அடையாளத்தையும் குறியாவிட்டால், ஆறு மாதத்தின் பின் நாற்பது தாள்களையும் நாற்பது முகங்களையும் பொருத்த எவராலும் இயலாது. தாளைக் கையிற் பிடித்தபடி அவரை ஒரு படம் எடுத்து வைப்பது இதற்காகவே.

ஆனால் ஓரிடத்தில் இந்த ஒழுங்கே ஆபத்தாகும். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கினர். பிள்ளையின் படத்தை நெஞ்சோடணைத்து நிற்கும் தாய் உலகம் தம்மைப் பார்க்கவேண்டும் என்றே நிற்கிறார். அவரைப் படம் பிடிப்பதில் யான் குறை காணேன். குறை காண்பது, அங்கே நின்ற ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய தாள்க்கட்டு, படக்காரரின் பையில் வீதித்தடைகளைக் கடந்து கொழும்புக்குப் போகின்றதே, அதில்! போராடுவோரின் பெயர்ப்பட்டியலை எழுதித் தா என்று எவரேனும் கேட்டால் கொடுப்பீர்களா? கேளாமலே எழுதி வைத்திருக்கிறீர்கள். அத்தகைய இடத்திற் பெயரின்றி வாய்மொழிப் பதிவே போதும்; அடையாள அட்டை இலக்கம் எங்குமே வேண்டா. தாயின் பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளையின் முகத்துக்கு அத்தாய் இசைந்தாலும், பிள்ளை நாளை பள்ளிக்குச் செல்ல வேண்டியவர் என்பதைப் படக்காரர்தாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

"இத்தனை நிபந்தனை போட்டால் எமது மண்ணின் கதையை எவர் வந்து எடுப்பார்?" என்று ஒரு நண்பர் என்னைக் கடிந்தார். நியாயமான கேள்வியே. படம் வேண்டும்; எமது வாழ்வு பதியப்படவும் வேண்டும். ஆனால் வாசித்துக் காட்ட ஐந்து நிமிடம் செலவிட மறுப்பவர் எமது கதையைக் கேட்க எத்தனை நிமிடம் செலவிடுவார் என்பதை அந்த நண்பரே கணக்கிடட்டும்.

கடந்த மாசியில் அதே சந்தைக்கு இன்னொரு குழுவினர் வந்தனர். தாளை நீட்டினர். "தம்பி, எனக்கு இங்கிலீசு தெரியாது. நீர் வாசிச்சுச் சொல்லும், நாலாவதை முதல் வாசியும்" என்றாராம் அப்பெண்மணி. நாலாவதில் ஒன்றுமில்லை, ஏழாவதில் இருந்தது. அந்த இளைஞன் தானும் அன்றுதான் முதன்முறை அதனை வாசித்தான் போலும், சிறிது நேரம் பேசாது நின்றான். பின்னர் பேனாவால் அந்த வாசகத்தை வெட்டி, பக்கத்திற் தன் ஒப்பத்தையும் இட்டான். அவர் தம் ஒப்பத்தை இட்டு, பிரதியை வாங்கிக் காசுப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, அவனுக்கு ஒரு கட்டு வல்லாரையைக் குறைத்த விலைக்குக் கொடுத்தார்.